திரும்பி வருவோர் விகிதம் 52-லிருந்து 23-க்கு விழுந்தது: தொடர் விசுவாசத்தை வளர்க்கிறதா, இல்லையா?

மின்தொடர்

வணக்கம். வீட்டு மின்வேலை பற்றி 12 எபிசோடுகள் கொண்ட தொடர் ஒன்று எங்கள் தளத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. வெள்ளிதோறும் இரவு 7 மணிக்குப் புது எபிசோடு வரும். லாகின் செய்தால்தான் முழு வீடியோ ஓடும், அதனால் யார் எதைப் பார்த்தார் என்பது ஐடி வாரியாக இருக்கிறது. ஆறு எபிசோடு முடிந்திருக்கிறது. அந்தந்த வாரப் புது எபிசோடைப் பார்த்தவர்களின் கணக்கு இது:

வாரம் 2: மொத்தம் 460, அதில் முன்பே வந்தவர்கள் 160 (35%)
வாரம் 3: மொத்தம் 555, முன்பே வந்தவர்கள் 255 (46%)
வாரம் 4: மொத்தம் 668, முன்பே வந்தவர்கள் 348 (52%)
வாரம் 5: மொத்தம் 1948, முன்பே வந்தவர்கள் 448 (23%)
வாரம் 6: மொத்தம் 1090, முன்பே வந்தவர்கள் 590 (54%)

ஐந்தாம் எபிசோடு, இன்வெர்ட்டர் உள்ள வீட்டில், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ஏன் அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்பது. கூகுள் தேடலில் நன்றாக ஏறியது. ஆனால் 23% என்ற எண்ணைப் பார்த்ததும் நிர்வாகத்தில் "எட்டோடு முடித்துக்கொள்ளலாம்" என்றார்கள். அடுத்த வாரம் 54% வந்ததும் "தொடர் பிடித்துவிட்டது" என்கிறார்கள். ஒரே எண்ணை வைத்து ஏழு நாளில் இரண்டு முடிவு. எதை நம்புவது?

திரைநேரம்

இது ரிடென்ஷன் பிரச்சினைதான் நண்பரே. ஐந்தாம் எபிசோடின் ரிடென்ஷன் கிராஃபைத் திறந்து பாருங்கள். முதல் 30 வினாடியில் கோடு எவ்வளவு சரிகிறது? நீளமான இன்ட்ரோ, லோகோ, "போன வாரம் என்ன பார்த்தோம்" எல்லாவற்றையும் வெட்டிவிட்டு நேராக ட்ரிப் ஆகும் பாக்ஸைக் காட்டுங்கள். ஏறிவிடும்.

மின்தொடர்

நன்றி. ஆனால் நான் கேட்பது ஒரு வீடியோவுக்குள் எத்தனை பேர் கடைசி வரை இருந்தார்கள் என்பதை அல்ல. ஒரு வாரம் வந்தவர் அடுத்தடுத்த வாரங்களிலும் வருகிறாரா என்பதை. ஐந்தாம் எபிசோடைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் முழுக்கப் பார்த்திருக்கிறார்கள்.

வால்யூம்_மணி

சார், இதுல குழப்பமே இல்ல. சதவீதத்த விடுங்க, எண்ணிக்கையப் பாருங்க. திரும்பி வந்தவங்க 160, 255, 348, 448, 590. ஒரு வாரம் கூட இறங்கல. சதவீதம் விழுந்ததுக்குக் காரணம் ஐந்தாம் வாரம் புது ஆளுங்க 1500 பேர் ஒரேயடியா உள்ள வந்தது. கீழ இருக்கிற எண் பெருசானா சதவீதம் சின்னதாத்தான் ஆகும். தொடர் நல்லாப் போகுது. 12 வரைக்கும் போடுங்க.

சங்கிலிக்கணக்கு

மணி சொல்வதில் முதல் பாதி சரி. 23% என்பது விசுவாசம் குறைந்ததைக் காட்டவில்லை. ஆனால் 590 என்பது விசுவாசம் கூடியதையும் காட்டவில்லை. திரும்பி வருபவர்களின் எண்ணிக்கை பழைய வாரங்களிலிருந்து சேர்ந்துகொண்டே வருவது. வாரம் ஒன்றுக்கு 300 புதியவர்கள் வந்து, அதில் கால்வாசிப் பேர் நிலைத்தால்கூட அந்த எண் ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஒவ்வொரு வாரமும் நிலைப்பவர்கள் குறைந்துகொண்டே போனாலும், சில வாரங்களுக்கு ஏறுவதுபோலவே தெரியும்.

மின்தொடர், ஐடி கையில் இருக்கிறதே. ஒவ்வொருவரையும் அவர் முதன்முதலில் வந்த வாரத்தில் வையுங்கள். அதுதான் அவருடைய கோஹார்ட்; பிறகு மாற்றக்கூடாது. அந்த வாரத்து ஆட்களில் எத்தனை பேர் அடுத்த வாரம் வந்தார்கள், இரண்டு வாரம் கழித்து எத்தனை பேர், மூன்று வாரம் கழித்து எத்தனை பேர் என்று எடுங்கள். இன்னும் வராத வாரங்களைக் காலியாக விடுங்கள். பூஜ்யம் போட்டால் கடைசி இரண்டு கோஹார்ட்டும் செத்துப்போனதுபோல் தெரியும்.

மின்தொடர்

எடுத்துவிட்டேன். முதலில் ஆட்களின் எண்ணிக்கை, பிறகு 1, 2, 3, 4, 5 வாரம் கழித்து வந்தவர்கள்.

வாரம் 1: 400 பேர் | 160, 132, 120, 116, 112
வாரம் 2: 300 பேர் | 123, 102, 93, 90
வாரம் 3: 300 பேர் | 126, 105, 96
வாரம் 4: 320 பேர் | 134, 112
வாரம் 5: 1500 பேர் | 180
வாரம் 6: 500 பேர் | (காலி)

வால்யூம்_மணி

பாருங்க, ஒரு வாரம் கழிச்சு 40%, 41%, 42%, 42%. கோஹார்ட் கோஹார்ட்டா ஏறுது. இதுதான் விசுவாசம் வளர்றது.

சங்கிலிக்கணக்கு

300 பேரில் 40% என்றால், தற்செயலாகவே அது 5 புள்ளி மேலேயோ கீழேயோ போகலாம். 40-க்கும் 42-க்கும் உள்ள வித்தியாசம் ஆறேழு பேர். அதை ஏற்றம் என்று எழுதி நிர்வாகத்துக்குக் கொடுத்தால், அடுத்த கோஹார்ட் 38 வரும்போது நீங்களே இறக்கம் என்று எழுத வேண்டியிருக்கும். முதல் நான்கும் ஒன்றுபோல் இருக்கின்றன என்று மட்டும் சொல்லலாம்.

நான் பார்ப்பது வேறு. முதல் வரியைக் குறுக்கே படியுங்கள்: 160, 132, 120, 116, 112. முதல் வாரத்தில் 240 பேர் உதிர்ந்தார்கள், அடுத்த வாரம் 28, பிறகு 12, பிறகு 4, 4. கோடு 28 சதவீதத்துக்கு அருகே படுக்கிறது. இரண்டாம், மூன்றாம் கோஹார்ட்டும் அதே இடத்துக்குத்தான் போகின்றன. தொடர் பிடித்திருக்கிறதா என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் உங்களிடம் இல்லை. பிடிக்காத தொடரில் கோடு படுக்காது. வாராவாரம் அதே வேகத்தில் சரிந்து, ஆறாம் வாரம் ஐந்து சதவீதத்தில் வந்து நிற்கும்.

ஐந்தாம் வாரக் கோஹார்ட்தான் இப்போது பேசவேண்டியது. 1500-க்கு 180, அதாவது 12%. மொத்த விகிதம் 54% என்று எல்லோரும் மகிழ்ந்த அதே வாரத்தில்தான் இது நடந்திருக்கிறது. அந்த 54% எப்படி வந்தது? புதிதாக வந்தவர்கள் 1500-லிருந்து 500 ஆகக் குறைந்ததால் மொத்தம் சுருங்கியது. மொத்தம் சுருங்கியதால் விகிதம் ஏறியது. புதியவர்கள் குறைந்ததால்தான் எண் நன்றாகத் தெரிகிறது; வாரம் 5-ல் வந்தவர்களில் 1320 பேர் திரும்பாதது அதில் தெரியவே இல்லை. இந்த விகிதத்தை டாஷ்போர்டிலிருந்து எடுத்துவிடுவதே நல்லது.

மின்தொடர்

புதியவர்கள் குறைந்ததால் ஏறியது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அப்படியானால் ஐந்தாம் எபிசோடு விசுவாசத்தைக் கெடுத்துவிட்டதா?

சங்கிலிக்கணக்கு

அந்த முடிவுக்குப் போவதற்கு முன் அந்த 1500 பேரை அவர்கள் நுழைந்த வாசல் வாரியாகப் பிரியுங்கள். தேடலில் வந்தவர் யார், தொடரின் பக்கத்திலிருந்தோ உங்கள் மின்னஞ்சலிலிருந்தோ வந்தவர் யார். முதல் வருகையின் ரெஃபரரைத்தான் எடுக்கவேண்டும், கடைசி வருகையினுடையதை அல்ல. கடைசியை எடுத்தால், தேடலில் வந்து பிறகு நேரடியாக வரத் தொடங்கியவர் எல்லாம் "நேரடி" கணக்கில் போய்ச் சேருவார். தேடல் மோசம், நேரடி அருமை என்று பொய்யான படம் கிடைக்கும்.

மின்தொடர்

பிரித்தேன். தேடலில் வந்தவர்கள் 1200, அதில் ஆறாம் எபிசோடுக்கு வந்தவர்கள் 60 (5%). தொடர் பக்கம், மின்னஞ்சல் வழியாக வந்தவர்கள் 300, அதில் 120 (40%).

சங்கிலிக்கணக்கு

பதில் இதுதான். தொடரைத் தொடராக அறிந்து வந்தவர்கள் எப்போதும்போல் 40 சதவீதத்தில் திரும்புகிறார்கள். ஐந்தாம் எபிசோடு எதையும் கெடுக்கவில்லை. ட்ரிப் ஆகும் வீட்டைச் சரிசெய்ய வந்த 1200 பேர் அவர்களோடு கலந்ததால் சராசரி விழுந்தது. அவர்களுக்கு வேலை முடிந்தது, போய்விட்டார்கள். இனி எந்த எபிசோடும் தனியாகத் தேடலில் ஏறினால் இதே பள்ளம் வரும், அதனால் இரண்டு வாசலையும் இரண்டு அட்டவணையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுப்பங்கரை_செல்வி

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு யூடியூப் சேனல் மட்டும்தான், சொந்தத் தளம் கிடையாது. சிறுதானிய சமையல் என்று 12 வாரத் தொடர் போடுகிறேன், இப்போது எட்டாம் வாரம். ஸ்டுடியோவில் ஆடியன்ஸ் டேபில் புதியவர், கேஷுவல், ரெகுலர் என்று மூன்றாகக் காட்டுகிறது. தொடர் ஆரம்பித்ததிலிருந்து ரெகுலர் அசையவே இல்லை. கேஷுவல் மட்டும் ஏறுகிறது. அப்படியானால் தொடர் யாரையும் நிலைநிறுத்தவில்லையா? அக்கா, அண்ணா யாராவது சொல்லுங்கள்.

சங்கிலிக்கணக்கு

செல்வி, கவலை வேண்டாம். அந்தப் பெயர்களின் அளவுகோல் மாதக்கணக்கு. கடந்த 12 மாதத்தில் ஒன்று முதல் ஐந்து மாதம் உங்களைப் பார்த்தவர் கேஷுவல். ஆறு மாதமோ அதற்கு மேலோ பார்த்தவர்தான் ரெகுலர். உங்கள் தொடர் ஓடுவதே மூன்று மாதத்துக்குள். தொடரால் புதிதாக வந்தவர் ஒரு வாரம்கூட விடாமல் பார்த்தாலும், தொடர் முடியும்போது அவர் கேஷுவல்தான். ரெகுலர் ஆக அவருக்கு நேரமே இல்லை. ஆறாம் மாதத்துக்குப் பிறகு பாருங்கள், அதற்குள் பார்த்தால் தெரியாது.

கேஷுவல் ஏறுவது நல்லதுதான், ஆனால் அதில் இரண்டு வகை ஆட்கள் இருக்கிறார்கள். மாதம் ஒருமுறை தற்செயலாக எட்டிப்பார்ப்பவரும், எட்டு வாரமும் விடாமல் வந்தவரும் அங்கே ஒரே பெட்டியில்தான். யூடியூப் ஆள்வாரியான தரவைத் தராது, அதனால் உங்களால் மேலே உள்ளதுபோல் கோஹார்ட் அட்டவணை போடமுடியாது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

வால்யூம்_மணி

செல்விக்கா, யூனிக் வியூயர்ஸ் இருக்குல்ல? ஒவ்வொரு எபிசோடுக்கும் அதை எடுத்து எட்டையும் கூட்டுங்க. சேனலோட மொத்த யூனிக்கால வகுங்க. ஒரு ஆள் சராசரியா எத்தன எபிசோடு பாத்தாங்கன்னு வந்துடும்.

சங்கிலிக்கணக்கு

இது கிட்டத்தட்ட சரியான யோசனை மணி, ஆனால் வகுக்கும் எண் தவறு. சேனலின் மொத்த யூனிக்கில் தொடரைப் பார்க்காதவர்களும் இருப்பார்கள், செல்வியின் பழைய குழம்பு வீடியோவுக்கு வந்தவர் உட்பட. தொடர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த எண் தாழ்ந்தே காட்டும். தவிர, யூனிக் என்பது யூடியூப் மதிப்பிட்டுத் தருவது, எண்ணித் தருவது அல்ல.

செல்விக்கு நான் சொல்வது சிறியது. எண்ட் ஸ்க்ரீனில் அடுத்த எபிசோடை வைத்து, அதன் க்ளிக் விகிதத்தை எபிசோடு எபிசோடாகக் குறித்துவையுங்கள். புது எபிசோடு வெளியான முதல் 24 மணி நேரப் பார்வைகளில் சந்தாதாரர் பங்கு எவ்வளவு என்பதையும் குறியுங்கள். இரண்டும் விசுவாசம் அல்ல, அதன் நிழல். ஆனால் இரண்டும் எட்டு வாரமும் ஒரே திசையில் போனால் அதற்கு மதிப்பு உண்டு.

அடுப்பங்கரை_செல்வி

மிக்க நன்றி அண்ணா. மாதக்கணக்கு என்பது தெரியாமல்தான் தொடரை நிறுத்த யோசித்தேன்.

பின்தளம்

மின்தொடருக்கு. 5%, 40% எல்லாம் "புது எபிசோடைப் பார்த்தார்" என்பதை வைத்துத்தானே? ஐந்தாம் எபிசோடில் நுழைந்தவர் அடுத்து ஆறுக்குப் போகணும்னு கட்டாயமா? பலர் ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாங்க. அவர் அடுத்த வாரம் ஒன்றையும் இரண்டையும் பார்த்திருந்தால் உங்கள் கணக்கில் அவர் போய்விட்டவர். உண்மையில் அவர்தான் தொடரை ஆரம்பத்திலிருந்து பார்க்க உட்கார்ந்தவர்.

மின்தொடர்

ஐயோ, ஆமாம். எப்படி எழுதுவது?

பின்தளம்

அவர் முன்பு பார்க்காத ஏதாவது ஒரு எபிசோடை, பிந்தைய ஒரு வாரத்தில் பார்த்தால் திரும்பி வந்தவர். பார்த்ததையே மறுபடி பார்ப்பதைச் சேர்க்கவேண்டாம். பாதியில் விட்டு ஞாயிறு முடிப்பவர் எல்லாம் அதில் வந்துவிடுவார். போஸ்ட்கிரெஸ் என்றால் இப்படி:

```sql
WITH s AS (
  SELECT user_id, ep, MIN(watched_at) AS t
  FROM views
  WHERE seconds >= 120
  GROUP BY user_id, ep
),
w AS (
  SELECT user_id, FLOOR(EXTRACT(EPOCH FROM
    t - TIMESTAMPTZ '2025-06-06 19:00:00+05:30'
  ) / 604800)::int AS wk
  FROM s
),
f AS (SELECT user_id, MIN(wk) AS c FROM w GROUP BY user_id)
SELECT c, wk - c AS age, COUNT(DISTINCT user_id)
FROM w JOIN f USING (user_id)
GROUP BY c, wk - c
ORDER BY c, age;
```

தேதியை உங்கள் முதல் எபிசோடு வெளியான நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 604800 என்பது ஏழு நாளின் வினாடிகள். வாரத்தை வெளியீட்டு நேரத்திலிருந்து எண்ணுவது முக்கியம். DATE_TRUNC போட்டால் வாரம் திங்களில் தொடங்கும். வெள்ளி இரவு வந்த எபிசோடுக்கு அந்த வாரத்தில் இரண்டேகால் நாள்தான் கிடைக்கும். முதல் எபிசோடை வெள்ளியும் இரண்டாவதை அடுத்த வெள்ளியும் பார்ப்பவருக்குத் தொல்லை இல்லை. ஆனால் முதல் எபிசோடைத் திங்கள் பார்ப்பவர் அடுத்த வாரத்துப் புதியவர் ஆகிவிடுவார். அதே வாரம் வெள்ளி இரண்டாவதைப் பார்த்தால் திரும்பி வந்ததாகவே எண்ணப்படமாட்டார்.

120 வினாடி என் தேர்வு. உங்கள் டேபிளில் ஒவ்வொரு ப்ளே-பாஸுக்கும் தனி வரி விழுகிறது என்றால் முதலில் SUM போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பவர், அதாவது ஸ்க்ரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பவர், கணக்கிலேயே வரமாட்டார்.

மின்தொடர்

ஓடவிட்டேன். ஐந்தாம் வாரத் தேடல் ஆட்கள் 60-லிருந்து 120 ஆகிவிட்டார்கள், அதாவது 10%. தொடர் பக்கம் வழியாக வந்தவர்கள் 120-லிருந்து 126, அதாவது 42%. ஆக, தேடலில் வந்து திரும்பியவர்களில் பாதிப் பேர் பழைய எபிசோடுகளுக்குத்தான் போயிருக்கிறார்கள். அது கண்ணில் படவே இல்லை.

ப்ளேயரில் அடுத்த எபிசோடு தானாக ஓடும் வசதியும் இருக்கிறது. அதனால் எண் ஊதிப்போகுமா?

பின்தளம்

ஒரே அமர்வில் ஓடியதெல்லாம் ஒரே வாரத்தில் விழும். அது திரும்பல் ஆகாது. வெள்ளி மாலை 6.50-க்கு உட்கார்ந்து 7.10 வரை பார்த்தவர் மட்டும் எல்லை தாண்டுவார். சில பேர்தான், விட்டுவிடலாம்.

நெய்தல்நிலம்

லாகின் இல்லாத தளத்துக்கு இது பொருந்துமா? மீன்பிடிப் படகு எஞ்சின் பராமரிப்பு பற்றி வாரத் தொடர் ஒன்று. கூகுள் அனலிட்டிக்ஸ் 4-ன் user_pseudo_id வைத்து இதே மாதிரி அட்டவணை போட்டால், ஆண்ட்ராய்டில் 35%, ஐபோனில் 11% திரும்பல் வருகிறது. ஐபோன்காரர்களுக்கு இந்தத் தொடர் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பின்தளம்

கூடாது. அந்த ஐடி ஒரு குக்கியில் இருக்கிறது. பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் எழுதிய குக்கியை சஃபாரி ஏழு நாளுக்கு மேல் வைத்திருக்காது. தளத்துக்கு மறுபடி வந்தால் ஏழு நாள் புதிதாகத் தொடங்கும், வராவிட்டால் அழிந்துவிடும். உங்கள் தொடர் எத்தனை நாளுக்கு ஒருமுறை?

நெய்தல்நிலம்

ஏழு நாள். சனி காலை 6 மணிக்கு.

பின்தளம்

அதுதான் விஷயம். வாரத் தொடருக்கும் அந்த ஏழு நாளுக்கும் ஒரே அளவு. சனி காலை 9 மணிக்குப் பார்த்தவர் அடுத்த சனி 8 மணிக்கு வந்தால் பழையவர், 10 மணிக்கு வந்தால் புதியவர். தொடர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதே உங்கள் விசுவாச எண்ணைத் தீர்மானிக்கிறது.

சோதித்துப் பார்க்க வழி: ஐபோன் ஆட்களில் முந்தைய வருகைக்கும் இந்த வருகைக்கும் நடுவே எத்தனை நாள் என்று ஒரு ஹிஸ்டோகிராம் போடுங்கள். ஆண்ட்ராய்டில் 7, 8, 9 நாள் என்று வால் நீளும். ஐபோனில் ஏழோடு கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும். மனிதர்கள் அப்படி ஏழாம் நாள் மொத்தமாக நிறுத்தமாட்டார்கள், அது குக்கியின் வேலை. இன்ஸ்டாகிராமுக்குள்ளேயே திறந்து பார்ப்பவர்கள் வேறு கணக்கு. அந்த உள் உலாவிக்குக் குக்கி தனி, அதே ஆள் வெளியே குரோமில் வந்தால் இன்னொரு ஆள்.

உங்கள் வெப்சர்வரே பதிலின் ஹெட்டரில் குக்கியை வைத்தால் அந்த ஏழு நாள் வரம்பு பொதுவாக வராது. இல்லையென்றால் ஒரு ஓடிபி லாகின். இரண்டும் முடியாதென்றால் ஐபோனை விட்டுவிட்டு ஆண்ட்ராய்டு மட்டும் எடுங்கள். குறைந்த ஆள் ஆனாலும் நேர்மையான எண்.

நெய்தல்நிலம்

ஹிஸ்டோகிராம் போட்டேன். ஏழாம் நாளோடு நிற்கிறது. ஐபோன் வரிசையை எடுத்துவிடுகிறேன்.

சந்தேகக்கோடு

இவ்வளவு நேரம் எல்லோரும் பேசியது தொடருக்குத் திரும்பி வருவதைப் பற்றி. இழையின் தலைப்பு தொடர் விசுவாசத்தை வளர்க்கிறதா என்பது. இரண்டும் ஒன்றல்ல. கோடு 28 சதவீதத்தில் படுக்கிறது என்றால், அந்த 28 சதவீதத்தைத் தொடர் உருவாக்கியதா, அல்லது எதைப் போட்டாலும் வாராவாரம் வரக்கூடிய ஆட்களைத் தொடர் பொறுக்கி எடுத்துக் காட்டியதா? மின்தொடரின் அட்டவணையால் இதைச் சொல்லமுடியாது.

சங்கிலிக்கணக்கு

ஒப்புக்கொள்கிறேன். ஒரு ஒப்பீடாவது வேண்டும். மின்தொடர், தொடரில் சேராத தனி வீடியோக்களும் போடுகிறீர்கள் அல்லவா? அதே வாரங்களில் தனி வீடியோ வழியாக முதலில் வந்தவர்களுக்கு ஒரு கோஹார்ட் போடுங்கள். இரண்டு கூட்டமும் 22 முதல் 28-ஆம் நாளுக்குள் தளத்துக்கு வந்தார்களா என்று பாருங்கள். தேடலில் வந்தவர்களைத் தேடலில் வந்தவர்களோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

சந்தேகக்கோடு

அதுவும் போதாது. எபிசோடு 1-ஐத் தேர்ந்தெடுத்து க்ளிக் செய்பவரும், "ஃபேன் ரெகுலேட்டர் மாற்றுவது எப்படி" என்பதை க்ளிக் செய்பவரும் ஒரே மாதிரி ஆள் அல்லர். முதல்வருக்கு முன்பே கற்றுக்கொள்ளும் எண்ணம் இருக்கிறது. நான்கு எபிசோடு பார்த்தவர்களை எடுத்து "இவர்கள் 60% திரும்புகிறார்கள்" என்று சொல்பவர்கள் இதைவிட மோசமான தவறு செய்கிறார்கள், நான்கு முறை வந்தவர் ஐந்தாம் முறை வருவதில் வியப்பு இல்லை.

ஒரே வழி சீட்டுக் குலுக்குவது. புதிதாக லாகின் செய்பவரின் முகப்பில் மேலே என்ன தெரியவேண்டும் என்பதை user_id-ன் ஹாஷை வைத்துப் பாதிப்பாதியாகப் பிரியுங்கள். ஒரு பாதிக்கு எபிசோடு 1, மறுபாதிக்குத் தனி வீடியோ. பிறகு அதைப் பார்த்தவர்களை மட்டும் எண்ணக்கூடாது. அது தெரியக் காட்டப்பட்ட அனைவரையும் எண்ணவேண்டும், க்ளிக் செய்யாதவர் உட்பட. க்ளிக் செய்தவர்களை மட்டும் எடுத்த கணமே பழைய பொறுக்குதல் திரும்பி வந்துவிடும்.

மின்தொடர்

வாரத்துக்குச் சுமார் 300 பேர் புதிதாகப் பதிகிறார்கள், ஐந்தாம் வாரம்போல் எதுவும் வராத நாட்களில். போதுமா?

சங்கிலிக்கணக்கு

தனி வீடியோ காட்டிய பாதியில் நான்காம் வாரத் திரும்பல் 10% என்று வைத்துக்கொண்டு, தொடர் அதை 15% ஆக்குகிறதா என்று பார்க்கவேண்டுமானால், ஒவ்வொரு பாதிக்கும் ஏறக்குறைய 700 பேர் வேண்டும். மொத்தம் 1400, அதாவது ஐந்து வாரம் ஆள் சேர்த்து, பிறகு கடைசியாகச் சேர்ந்தவர்களுக்கு 28 நாள் காத்திருக்கவேண்டும். இரண்டு மாதம் பிடிக்கும். 10-க்கும் 12-க்கும் உள்ள வித்தியாசத்தைத் தேடினால் இந்த ஆட்கள் போதவே போதாது, தொடங்கவேண்டாம்.

ஆனால் எதை எண்ணுவது என்பதில் சந்தேகக்கோடு என்ன சொல்கிறார் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். நான் எந்த வீடியோவைப் பார்த்தாலும் வருகை என்றே எடுப்பேன்.

சந்தேகக்கோடு

நான் எடுக்கமாட்டேன். தொடரைப் பார்ப்பவருக்கு 22 முதல் 28-ஆம் நாளுக்குள் கட்டாயம் ஒரு புது எபிசோடு காத்திருக்கும். தனி வீடியோ ஆளுக்கு அப்படி எதுவும் இல்லை. அந்த ஒப்பீட்டில் தொடர் எப்போதும் ஜெயிக்கும். கடைசி எபிசோடு முடிந்த மறுநாள் எல்லோரும் போய்விட்டாலும்கூட. தொடர் அல்லாத வீடியோக்களை மட்டும் எண்ணவேண்டும்.

சங்கிலிக்கணக்கு

அப்படி எண்ணினால் தொடர் எப்போதும் தோற்கும். வாரம் அரைமணி நேரம் ஒதுக்குபவர் அதைத் தொடருக்கே செலவிட்டிருப்பார். தளத்துக்கு வாராவாரம் வரும் ஆளைப் போய்விட்டவர் என்று எழுதுவது சரியாகாது.

சந்தேகக்கோடு

தொடர் முடிந்த பிறகு 30 நாள் எண்ணலாம். அப்போது இருவருக்கும் எபிசோடு இல்லை.

சங்கிலிக்கணக்கு

அது நியாயம். ஆனால் முதலில் சேர்ந்தவருக்கும் கடைசியில் சேர்ந்தவருக்கும் தொடர் முடிவு வரை உள்ள இடைவெளி வேறு வேறு. சேர்ந்த வாரம் வாரியாகப் பிரித்துத்தான் ஒப்பிடவேண்டும். அப்போது ஒவ்வொரு வாரத்திலும் பாதிக்கு 150 பேர்தான் மிஞ்சுவார்கள்.

மின்தொடர்

இப்போதைக்கு மூன்றையும் பதிவு செய்கிறேன்: எந்த வீடியோவும், தொடர் அல்லாத வீடியோ மட்டும், தொடர் முடிந்த பின் 30 நாள். எதை முதன்மையாக எடுப்பது என்பதைத் தரவு வருவதற்கு முன்பே எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறேன், பிறகு பிடித்ததைத் தேர்ந்தெடுக்காமல் இருக்க. ஏழாம் எபிசோடோடு குலுக்கல் தொடங்குகிறது. நிர்வாகத்துக்கு அனுப்பும் தாளில் மொத்த விகிதத்தை எடுத்துவிட்டு, வாசல் வாரியாக இரண்டு கோஹார்ட் அட்டவணை வைத்துவிட்டேன். 12 வரை போகச் சம்மதித்துவிட்டார்கள்.

பின்தளம்

ஹாஷ் போடும்போது user_id-யோடு சோதனையின் பெயரையும் சேர்த்து ஹாஷ் பண்ணுங்கள். வெறும் ஐடியை மட்டும் போட்டால், அடுத்த சோதனையிலும் இதே ஆட்கள் இதே பாதியில் விழுவார்கள்.